ஒலிப்பதிவிலிருந்து அச்சுக்கு: ஒரு கபடி வீராங்கனையின் பேட்டி

வாசகர் கடிதம்

ஐயா, நான் காரைக்குடியில் முதுகலை படிக்கிறேன். எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்காக, மாநில அணிக்கு ஆடிய கபடி வீராங்கனை ஒருவரைத் தேவகோட்டைப் பக்கம் அவருடைய கிராமத்துக்கே போய்ப் பேட்டி எடுத்தேன். அவர் சம்மதத்துடன் கைபேசியில் ஒன்றரை மணி நேரம் பதிவு செய்திருக்கிறேன். மலரில் எனக்குக் கிடைப்பது நான்கு பக்கம். அவர் பேச்சு அங்குமிங்கும் தாவுகிறது, பல வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன, நடுவில் அவருடைய அப்பாவும் பேசுகிறார். அதனால் கேள்விகளைக் கொஞ்சம் மாற்றி, பாதி வாக்கியங்களை முடித்து, எல்லாவற்றையும் நல்ல தமிழாக்கியிருக்கிறேன். அவர் சொன்னதைத்தான் போடுகிறேன், ஆகவே பொறுப்பு அவருடையது என்று நினைக்கிறேன், சரிதானா? அச்சுக்கு முன் அவரிடம் காட்ட வேண்டுமா? காட்டினால் பாதியை எடுத்துவிடச் சொல்வாரோ என்று தயங்குகிறேன். பதிவிலிருந்து ஒரு பகுதியையும் என் வரைவையும் இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட வேண்டாம், காரைக்குடி

ஆசிரியரின் பதில்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். பதிவை ஒரு சொல்லும் விடாமல் எழுத்தில் இறக்கியிருப்பதைப் பார்த்தபோது உங்கள் உழைப்பு தெரிந்தது. அதைச் செய்திருப்பதால்தான் வரைவில் எங்கே தவறு நேர்ந்திருக்கிறது என்பதை என்னால் விரல் வைத்துக் காட்ட முடிகிறது. பேட்டியைச் சுருக்குவதும், ஒழுங்குபடுத்துவதும், பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழுக்கு அருகே கொண்டுவருவதும் ஆசிரியர் பணியின் இயல்பான பகுதிகளே. அவற்றுக்காக நீங்கள் தயங்க வேண்டியதில்லை. ஆனால் பதில்களைத் தொடும்போது காட்டிய கவனத்தைக் கேள்விகளைத் தொடும்போது நீங்கள் காட்டவில்லை. கேள்வி பதில் வடிவத்தில் ஒரு பதிலின் பொருளைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அதற்கு மேலே நிற்கும் கேள்விதான் என்பதால், உங்கள் வரைவில் நேர்ந்த பிழைகளில் பெரியதும் அங்கேதான் இருக்கிறது.

பொதுவாகச் சொல்வதைவிட, நீங்கள் அனுப்பிய பகுதியையே எடுத்துக்கொள்வோம். பதிவில் இருப்பது இது:

கேள்வி: அந்த ஃபைனல்ல கடைசி ரெய்டுக்கு நீங்க ஏன் போகல? பயமா?

பதில்: பயமெல்லாம் இல்லைங்க. பயம்னு சொல்ல முடியாது. கால் அப்பச் சரியில்ல. ஊசி போட்டுக்கிட்டுத்தான் எறங்குனேன், கணுக்கால்ல, டாக்டர்தான் போட்டாரு. கோச் சார் போகச் சொன்னாரு, நான்தான் இந்தக் கால வச்சுக்கிட்டுப் போகமாட்டேன்னேன். அவளப் போகச் சொன்னேன். அவ நல்லாத்தான் போனா. போனஸ் கோட்டத் தாண்டிட்டா, பின்னங்கால் தரையில இருந்துச்சுன்னு அம்பயர் குடுக்கல. அவளக் குத்தம் சொல்லக் கூடாது. நான் போயிருந்தா... சரி, அத விடுங்க.

உங்கள் வரைவில் அது இப்படி ஆகியிருக்கிறது:

கேள்வி: உங்கள் விளையாட்டு வாழ்க்கையில் மறக்க முடியாத தோல்வி எது?

பதில்: அந்த இறுதிப் போட்டிதான். ஊசி போட்டுக்கொண்டு களமிறங்கினேன். கடைசி ரெய்டுக்குச் செல்லுமாறு பயிற்சியாளர் கூறினார், நான் மறுத்துவிட்டேன். எனக்குப் பதிலாகச் சென்ற வீராங்கனை போனஸ் கோட்டைத் தாண்டவில்லை. நான் போயிருந்தால் வென்றிருப்போம்.

ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பதிவில் ஏதோ ஒரு மூலம் இருப்பதால், இதில் பொய் எதுவும் இல்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் இதைப் படிக்கும் ஒருவர், பயிற்சியாளரின் சொல்லைக் கேட்காத, தோழியின் மீது பழி போடுகிற, தன்னைப் பற்றி உயர்வாக நினைக்கிற ஒருவரைத்தான் சந்திப்பார். பதிவில் பேசுகிறவர் இதற்கு நேர் எதிரானவர்.

கேள்வியை மாற்றியபோது நேர்ந்தது

‘பயமா?’ என்று கேட்டது பண்பாக இல்லை என்று பிறகு உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அதனால் கேள்வியை நாகரிகமாக மாற்றியிருக்கிறீர்கள். உங்கள் மனம் புரிகிறது. ஆனால் அவர் கால் வலியைச் சொன்னதும், பயிற்சியாளரிடம் போகமாட்டேன் என்றதைச் சொன்னதும் அந்த ஒரு சொல்லுக்கு விடையாகத்தான். குற்றச்சாட்டை எடுத்துவிட்டு விளக்கத்தை மட்டும் அச்சிட்டால், அந்த விளக்கம் அவரே வலிய முன்வந்து சொன்ன குறையாகிவிடுகிறது. அதற்கும் மேலாக, உங்கள் புதிய கேள்விக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக ‘அந்த இறுதிப் போட்டிதான்’ என்று அவர் வாயில் வராத ஒரு வாக்கியத்தையும் சேர்க்க நேர்ந்திருக்கிறது. மறக்க முடியாத தோல்வி அதுதான் என்று ஒன்றரை மணி நேரத்தில் எங்காவது அவர் சொல்லியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள்.

கேள்வியைச் சுருக்கலாம். நீங்கள் கேட்கும்போது தடுமாறிய இடங்களையும், மூன்று தரம் சுற்றி வளைத்துக் கேட்டதையும் எடுத்துவிடலாம். அவருடைய நீண்ட பதில் ஒன்று பயிற்சித் திடலிலிருந்து குடும்பத்துக்குத் தாவும் இடத்தில், ‘வீட்டில் என்ன சொன்னார்கள்?’ என்பது போன்ற, எந்தக் கருத்தையும் உள்ளே வைக்காத ஒரு சிறு கேள்வியை இடையில் இட்டுப் பதிலை இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால் பதிவில் கேட்கப்பட்ட கேள்வியில் ஒரு சந்தேகமோ, குற்றச்சாட்டோ, பாராட்டோ இருந்து, பதில் அதைத் தொட்டுப் பேசியிருந்தால், அது அச்சிலும் இருந்தே ஆக வேண்டும். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை வேறொரு கேள்வியின் கீழ் வைப்பதும், முதல் பத்து நிமிடத்தில் சொன்னதையும் கடைசியில் சொன்னதையும் ஒட்டி ஒன்று மற்றொன்றின் காரணம் போலக் காட்டுவதும், சொற்கள் அத்தனையும் அவருடையவையாக இருந்தாலும் கூடாது.

முடிக்காத வாக்கியமும் வெட்டிய வாக்கியமும்

‘நான் போயிருந்தா...’ என்று அவர் நிறுத்திவிட்டார். வென்றிருப்போம் என்று சொல்ல வந்தாரா, காலே போயிருக்கும் என்று சொல்ல வந்தாரா, நம் இருவருக்கும் தெரியாது; ஒருவேளை அவருக்கே தெரியாமல்தான் நிறுத்தியிருப்பார். அந்த வாக்கியத்தை முடிக்கும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு. அதை மூன்று புள்ளிகளுடன் அப்படியே விடுங்கள், அல்லது தொலைபேசியில் கேட்டு, அவர் சொல்லும் முடிவைப் போடுங்கள்.

தோழியைப் பற்றிய இடத்தில் இரண்டு தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ‘நல்லாத்தான் போனா’, ‘குத்தம் சொல்லக் கூடாது’ என்ற இரண்டு வாக்கியங்களையும் இடம் போதாமல் வெட்டியிருக்கிறீர்கள். ஒருவர் ஒரு தகவலையும் அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போது, அவை இரண்டும் ஒரே அலகு. வைத்தால் இரண்டையும் வைக்க வேண்டும், வெட்டினால் இரண்டையும் வெட்ட வேண்டும். இன்னொன்று ஆட்டத்தைப் பற்றியது. எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ களத்தில் இருக்கும்போதுதான் போனஸ் உண்டு என்பதும், முன்கால் போனஸ் கோட்டைத் தாண்டும் அந்த நொடியில் பின்கால் தரையில் படாமல் இருந்தால்தான் நடுவர் புள்ளி கொடுப்பார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும். கோட்டைத் தாண்டினார், ஆனால் பின்னங்கால் தரையில் இருந்தது என்று நடுவர் கருதினார் என்பதுதான் வீராங்கனை சொன்னது. ‘கோட்டைத் தாண்டவில்லை’ என்று நீங்கள் எழுதியபோது, கண்ணிமைக்கும் நேரத்தில் நடுவர் எடுத்த ஒரு முடிவு, அந்தப் பெண்ணின் இயலாமையாக மாறிவிட்டது. கபடி தெரிந்த எவரும் இந்த வேறுபாட்டை உடனே கண்டுகொள்வார். அந்தத் தோழி முதலில் கண்டுகொள்வார். ஆட்ட நுணுக்கம் வரும் ஒவ்வோர் இடத்தையும் விதி தெரிந்த ஒருவரிடம் படித்துக் காட்டிவிடுங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே விசாரித்தால் கபடி விதிகளைக் கற்றுத் தேர்ந்த ஒருவர் கிடைக்காமல் போக மாட்டார்.

அந்த ஊசி

உங்கள் வரைவில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது ‘ஊசி போட்டுக்கொண்டு களமிறங்கினேன்’ என்ற வாக்கியம். கணுக்கால் என்பதும், மருத்துவர் போட்டார் என்பதும் நீங்கியபின் அது ஊக்கமருந்து ஊசி என்றே வாசிக்கப்படும். ‘வலி நிவாரண ஊசி’ என்று நீங்களாக ஒரு சொல்லைச் சேர்த்துச் சரிசெய்துவிடவும் முடியாது, ஏனென்றால் அவர் அப்படிச் சொல்லவில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிப்படி, மூட்டு வீக்கத்துக்குப் போடப்படும் குளுக்கோகார்ட்டிகாய்டு வகை மருந்தை எந்த வகை ஊசியாகப் போட்டாலும் அது 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டது; உரிய மருத்துவ விலக்கு பெற்றிருக்க வேண்டும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசிக்குத் தடை இல்லை. ஆகவே எந்த மருந்து, எந்த ஆண்டு என்ற விவரம் இல்லாமல் அந்த ஊசியைப் பற்றி நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் ஊகமே.

அவரை அழைத்து, அச்சில் இது எப்படிப் படிக்கப்படக்கூடும் என்பதை முதலில் விளக்குங்கள். பிறகு எந்த மருந்து என்று கேளுங்கள். அவர் தெளிவாகச் சொன்னால் அதைப் போடலாம். தெரியாது என்றால், அவர் சொன்ன ‘டாக்டர் கணுக்காலில் ஊசி போட்டார்’ என்பதற்கு மேல் போக வேண்டாம். ஊசியைப் பற்றியே வேண்டாம் என்று அவர் விரும்பினால், ‘கால் அப்போது சரியில்லை’ என்ற அவருடைய வாக்கியம் இருக்கிறதே. அதுவும் அவர் சொன்னதுதான், கடைசி ரெய்டுக்கு அவர் ஏன் போகவில்லை என்பதும் அதிலேயே விளங்கிவிடுகிறது. ஆட்ட வாழ்க்கையும் வேலையும் அதிகாரிகளைச் சார்ந்திருக்கும் ஒருவரிடம் இந்த இடத்தில் நீங்கள் தாராளமாகத்தான் நடந்துகொள்ள வேண்டும்.

நல்ல தமிழ் எதுவரை?

பேச்சில் வரும் ‘வந்து’, ‘அதாவது’, திரும்பத் திரும்ப வரும் சொற்கள், தடுமாற்றங்கள் ஆகியவற்றை எடுப்பதில் பிழை இல்லை. ‘எறங்குனேன்’ என்பதை ‘இறங்கினேன்’ என்று எழுதுவதிலும் இல்லை. ஆனால் ‘போகமாட்டேன்னேன்’ என்பதை ‘மறுத்துவிட்டேன்’ என்று ஆக்கும்போது சொல்லின் எடை கூடிவிடுகிறது. ‘இந்தக் காலை வைத்துக்கொண்டு போகமாட்டேன் என்றேன்’ என்று எழுதினால் எழுத்துத் தமிழும் கிடைக்கிறது, அவர் குரலும் இருக்கிறது.

தோழியை அவர் ‘அவ’ என்கிறார். அதை ‘அவள்’ என்று அச்சில் போட்டால், உங்கள் மலரைப் படிக்கும் பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ‘அவர்’ என்று போட்டால் ஒன்றாகக் கம்மாய்க்குள் பழகிய இருவருக்கு நடுவில் இல்லாத ஒரு தூரம் வந்துவிடும். ‘எனக்குப் பதிலாகச் சென்ற வீராங்கனை’ என்பதோ அறிக்கை போல இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், ‘அவள்’ என்றே விடுங்கள், தோழமை தெரியட்டும். ‘கம்மாய்’, ‘பொட்டல்’ போன்ற நம் பக்கத்துச் சொற்களையும் ‘கண்மாய்’, ‘திடல்’ என்று திருத்த வேண்டாம். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு: கேள்வி கேட்கும் நீங்கள் செந்தமிழிலும், பதில் சொல்லும் அவர் முழுக் கொச்சையிலும் பேசுவதாக அச்சிடாதீர்கள். பதிவில் நீங்களும் அவரைப் போலத்தான் பேசியிருக்கிறீர்கள். இருவருக்கும் ஒரே அளவு திருத்தம் என்பதுதான் நியாயம்.

‘அவர் சொன்னதுதானே’ என்ற எண்ணம்

உங்கள் எழுத்துப் படியின் இரண்டாம் தாளில், அணித் தேர்வைப் பற்றி ‘காசு வாங்கிட்டாங்களாம்’ என்று அவர் சொல்கிறார். வரைவில் அது ‘காசு வாங்கிவிட்டார்கள்’ ஆகியிருக்கிறது. தான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான் என்று அவர் கவனமாகச் சொன்னதை, ‘ஆம்’ என்ற ஓர் ஈற்றை நீக்கி, நேரடிக் குற்றச்சாட்டாக மாற்றிவிட்டீர்கள். அந்த ஈற்றைத் திரும்பச் சேர்த்தாலும் சிக்கல் தீராது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைச் சொல்பவரை மட்டுமல்ல, வெளியிடுபவரையும் பொறுப்பாக்குகிறது. இன்னொருவர் சொன்னதைத்தான் அச்சிட்டேன் என்பதோ, ஊரில் பேசிக்கொண்டதுதான் என்பதோ அதிலிருந்து காப்பாற்றாது. உண்மை என்று காட்டினாலும்கூட, பொதுநலனுக்காக வெளியிட்டது என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஆதாரம் ஏதும் கையில் இல்லாத நிலையில், அந்த வாக்கியத்தை முழுவதுமாக விட்டுவிடுங்கள் என்பதே என் அறிவுரை. தேர்வு முறை பற்றி அவர் தன் கண்ணால் கண்டு சொன்ன மற்ற விஷயங்கள் அதே தாளில் நிறைய இருக்கின்றன, அவையே வலுவானவை.

சொல் மாறினால் எல்லாமே திரிபு என்று நீங்கள் மறுபக்கம் பயந்துவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் ஜெஃப்ரி மேஸன் என்ற உளப்பகுப்பாய்வாளர், தன் பேட்டியில் தான் சொல்லாத சொற்களை மேற்கோளாக அச்சிட்டதாக நியூயார்க்கர் பத்திரிகையின் மீது தொடுத்த வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1991-இல் ஒரு அளவுகோலைச் சொன்னது. சொற்களை மாற்றியதே பொய்யாகிவிடாது, அந்த மாற்றம் பேசியவர் சொன்ன பொருளைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றியதா என்பதே கேள்வி என்றது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் திருத்திய பகுதியையும் பதிவையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இதைவிடத் தெளிவான சோதனை எனக்குக் கிடைத்ததில்லை.

அவரிடம் காட்டுவது பற்றி

முழுக் கட்டுரையையும் அவரிடம் கொடுத்து, விருப்பப்படி திருத்துங்கள் என்று சொல்வது ஒரு வழி. எதையும் காட்டாமல் அச்சிடுவது இன்னொரு வழி. முதலாவதில், அவரைச் சுற்றியுள்ள அனைவரும் ஆளுக்கொரு வரி வெட்டுவார்கள். இரண்டாவதில், பின்னங்கால் போன்ற பிழைகள் அச்சேறும். உங்களுக்கு நான் சொல்வது நடுவழி. காயம், தோழி, பயிற்சியாளர், தேர்வு ஆகிய நான்கும் வரும் பதில்களை அவற்றின் கேள்விகளோடு சேர்த்துத் தொலைபேசியில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தகவல் பிழையையும் பொருள் பிழையையும் அவர் திருத்தலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னதையே எடுத்துவிடச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அவருக்குத் தீங்கு நேரும் என்ற காரணம் இருந்தால் எடுத்துவிடுங்கள். கேட்க அழகாக இல்லை என்ற காரணம் மட்டும் என்றால், எடுக்க வேண்டியதில்லை என்பதை மரியாதையுடன் விளக்கலாம். அனுபவத்தில் நான் கண்டவரை, பேசியவர்கள் வெட்டச் சொல்வதைவிட, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்வதே அதிகம்.

‘அத விடுங்க’ என்று அவர் சொன்னது, அந்தப் பேச்சைத் தொடர வேண்டாம் என்பதா, அச்சிட வேண்டாம் என்பதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அவருடைய அப்பா பேசியதை நீங்கள் மகளின் பதிலில் கலந்திருக்கிறீர்கள். விடியற்காலையில் மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனதைச் சொன்னவர் அப்பாதான், மகள் அல்ல. அதை ‘தந்தை’ என்று தனியாகக் குறித்து, அவர் பேச்சாகவே போடுங்கள். பதிவுக்குச் சம்மதித்தவர் மகள்தான் என்பதால், அதற்கு முன் அந்தப் பெரியவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் அந்தப் பகுதி ஏறத்தாழ இப்படி வரும். ஊசி பற்றிய வரி அவர் சம்மதத்தைப் பொறுத்தது:

கேள்வி: அந்த இறுதிப் போட்டியில் கடைசி ரெய்டுக்கு நீங்கள் ஏன் போகவில்லை? பயமா?

பதில்: பயம் என்று சொல்ல முடியாது. கால் அப்போது சரியில்லை. டாக்டர் கணுக்காலில் ஊசி போட்டார், போட்டுக்கொண்டுதான் இறங்கினேன். கோச் சார் போகச் சொன்னார். நான்தான், இந்தக் காலை வைத்துக்கொண்டு போகமாட்டேன் என்றேன். அவளைப் போகச் சொன்னேன். அவள் நன்றாகத்தான் போனாள். போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டாள். பின்னங்கால் தரையில் இருந்தது என்று அம்பயர் கொடுக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்லக் கூடாது. நான் போயிருந்தால்... சரி, அதை விடுங்கள்.

நீளம் பெரிதாகக் கூடவில்லை என்பதைப் பாருங்கள். நான்கு பக்கத்துக்குள் அடங்க வேண்டுமானால், ஒவ்வொரு பதிலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டாமல், சில கேள்விகளை அவற்றின் பதில்களோடு முழுதாக விட்டுவிடுங்கள். சுரண்டும்போதுதான் ‘நல்லாத்தான் போனா’ போன்றவை காணாமல் போகின்றன. கட்டுரையின் தலைப்பில், இது பதிவு செய்த உரையாடலைச் சுருக்கி ஒழுங்குபடுத்திய வடிவம் என்றும், சில விவரங்கள் பின்னர் தொலைபேசியில் கேட்டுச் சேர்க்கப்பட்டன என்றும் இரண்டு வரி போடுங்கள். பேட்டி நடந்த நாளையும் குறிப்பிடுங்கள்.

அசல் ஒலிக்கோப்பை வெட்டாமல் திருத்தாமல் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். எழுத்துப் படியில் ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் பதிவின் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவதூறுக்கு இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குத் தொடர ஓராண்டும், குற்றவியல் நடவடிக்கைக்கு மூன்றாண்டும் கால வரம்பு என்பதால், மலர் வெளியாகி மூன்றாண்டு கழியும்வரை அந்தக் கோப்பு உங்களிடமும் கல்லூரியிடமும் இருக்க வேண்டும்.